வாசலில் நெற்றிக்கு நீட்டும் கருவி எத்தனை தடிமன் காய்ச்சலைப் பிடிக்கிறது?

மழை தொடங்கிவிட்டது. வகுப்பறைகளில் இப்போது பாடம் சொல்லும் குரலை விட இருமல் சத்தம்தான் கூடுதலாகக் கேட்கிறது. நமது நாட்டில் இன்புளுவென்சா வருடத்தில் இரண்டு தடவை தலைதூக்குவது வழக்கம். ஒன்று ஏப்ரல், மே தொடங்கி வருடத்தின் நடுப்பகுதி வரை, மற்றது நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை. இந்த இரண்டாவது பருவம் ஊவாவில் வடகீழ்ப் பருவமழையோடு சேர்ந்தே வருகிறது. ஜன்னலை மூடிக்கொண்டு நாற்பது பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிற காலமும் இதுதான்.

இந்தக் காலத்தில் பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களில் வருகிற கோரிக்கை இம்முறையும் வந்துவிட்டது. "கொரோனா நேரம் மாதிரி கேட்டில ஒருத்தரப் போட்டு, டெம்பரேச்சர் பார்த்துப் பிள்ளைகள உள்ள எடுங்க ஸேர்." பழைய பிள்ளைகள் சிலர் கருவி வாங்கித் தரவும் முன்வந்திருக்கிறார்கள். அலுவலகங்கள் சிலவற்றிலும் காவலாளியின் கையில் அந்த வெள்ளைத் துப்பாக்கி மறுபடியும் தென்படுகிறது.

கேட்பவர்களின் எண்ணம் நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வாசலில் வெப்பம் பார்ப்பது தடிமன் காய்ச்சலைத் தடுக்கும் என்று நாம் நினைக்கவில்லை. கருவி கூடாது என்பதல்ல எங்கள் பேச்சு. அதை வைக்கிற இடமும் நேரமும் பிழை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், பொறுமையாக வாசியுங்கள்.

2020 ஜூலை 6ஆம் திகதி, முதல் முடக்கத்துக்குப் பின் 5, 11, 13ஆம் தர மாணவர்களுக்காகப் பாடசாலைகள் திறக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கை கழுவும் குழாய், முகக்கவசம், வாசலில் வெப்பமானி. பள்ளிவாசலிலும் அதுதான், வங்கியிலும் அதுதான், சதொசவிலும் அதுதான். அன்று அது புதிய நோய். யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியாத நேரத்தில் கிடைத்ததைச் செய்தோம். அதில் குறை காண வேண்டியதில்லை. ஆனால் அந்த வருடம் ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் பரவியிருந்த தொற்று எங்கே வைத்துத் தெரிய வந்தது? ஒரு வாசலிலும் அல்ல. காய்ச்சலோடு கம்பஹா வைத்தியசாலைக்குப் போன ஒரு பெண் ஊழியருக்குச் செய்த பி.சி.ஆர். பரிசோதனையில்தான் தெரிந்தது. அதன் பிறகு தேடிப் பார்த்தபோது ஊழியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று இருந்தது. நாடு முழுக்க வாசல்தோறும் வெப்பம் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

அது கொரோனா. நாம் இப்போது பேசுவது தடிமன் காய்ச்சல், அதாவது இன்புளுவென்சா. அதன் போக்கு வாசல் சோதனைக்கு இன்னும் பாதகமானது.

கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி தெரிய ஒன்று தொடக்கம் நான்கு நாட்கள், பெரும்பாலும் இரண்டு நாட்கள் ஆகும். காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. அன்று காலையில் அது ஓடியாடிச் சிரித்துக்கொண்டு வாசலைக் கடக்கும். கருவி 36.5 என்று காட்டும், அது பொய்யுமல்ல. பிறகு காய்ச்சல் மூன்று நான்கு நாட்கள் நிற்கும். அந்த நாட்களில் பெரும்பாலான பிள்ளைகள் போர்வைக்குள் கிடப்பார்கள், வாசலுக்கு வரவே மாட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகு இருமலோடு திரும்பி வருவார்கள். நோய் தொடங்கி ஐந்து தொடக்கம் ஏழு நாட்கள் வரை, சிறு பிள்ளைகளென்றால் அதற்கும் மேலே, கிருமி வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். அந்த நாளிலும் கருவி 36.5 என்றுதான் காட்டும்.

பரப்பக்கூடிய நாட்களில் காய்ச்சல் உள்ள நாட்கள் ஒரு பகுதி மட்டுமே. அந்த நாட்களில்தான் பிள்ளை வீட்டில் இருக்கிறது. வாசலில் நிற்பவர் பார்ப்பது மற்ற நாட்களைத்தான்.

இதற்கு மேலே, காய்ச்சலே வராமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2006 முதல் 2011 வரை குடும்பம் குடும்பமாகப் பின்தொடர்ந்து, இரத்தப் பரிசோதனையும் செய்து நடத்திய பெரிய ஆய்வொன்றில், இன்புளுவென்சா தொற்றியவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க அறிகுறி எதுவும் இருக்கவில்லை. இருமாதவர் குறைவாகவே பரப்புவார் என்பது உண்மைதான். ஆனாலும் "காய்ச்சல் இல்லாவிட்டால் கிருமி இல்லை" என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

இது வெறும் ஊகமல்ல, அளந்து பார்த்திருக்கிறார்கள். வாசல் சோதனையை உலகிலேயே கவனமாகச் செய்த இடங்களில் ஒன்று ஜப்பானின் நரிட்டா விமான நிலையம். 2009இல் எச்1என்1 பரவியபோது, விலை உயர்ந்த கமராக்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் அங்கே இருந்தார்கள். செப்டெம்பர் முதல் அடுத்த ஜனவரி வரையான தரவுகளை இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். விவரம் முழுமையாகக் கிடைத்த, ஆய்வுகூடத்தில் உறுதியான நோயாளிகள் 9 பேர். வந்திறங்கிய நேரத்தில் அவர்களில் காய்ச்சல் இருந்தது 2 பேருக்கு மட்டும். 5 பேர் காய்ச்சல் குறைக்கும் மருந்து எடுத்திருந்தார்கள். ஒன்பது என்பது சிறிய எண்ணிக்கை, அதை வைத்துச் சரியான வீதம் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களின் கணக்கே காட்டுகிறது. ஆனால் அந்த 5 பேரை மறந்துவிடாதீர்கள். கீழே அவர்களிடம் திரும்பி வருவோம், ஏனென்றால் அவர்கள் நமது தோட்டங்களிலும் இருக்கிறார்கள்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் விமான நிலையத்தில் 2008இல் 1,275 பயணிகளை வெப்பக் கமராவால் பார்த்து, கிருமிப் பரிசோதனையும் செய்தார்கள். காய்ச்சல் உள்ளவரை அந்தக் கமரா ஓரளவு கண்டுகொண்டது. இன்புளுவென்சா உள்ளவரைக் கண்டுகொள்வதில் அது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதை விடக் கொஞ்சம்தான் மேல். காய்ச்சலைப் பிடிப்பது ஒன்று, தடிமன் காய்ச்சலைப் பிடிப்பது இன்னொன்று. வாசலில் நிற்கிற நாம் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம்.

இனி நமது பக்கத்துக்கு வருவோம். இங்கே இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று நேரம், மற்றது குளிர்.

மனித உடலின் வெப்பம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில் மிகக் குறைவு, பின்னேரத்தில் மிகக் கூடுதல். நோயில்லாதவருக்கே இந்த இரண்டுக்கும் இடையில் அரைப் பாகை அளவு வித்தியாசம் இருக்கும். காய்ச்சலும் இதே தாளத்தில்தான் ஏறி இறங்கும். அதனால்தான் "காலையில நல்லாத்தான் இருந்தான், அஸருக்குப் பிறகுதான் உடம்பு கொதிக்குது" என்று உம்மாமார் சொல்கிறார்கள். அமெரிக்க வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், தடிமன் காய்ச்சல் பருவத்தில் காய்ச்சல் அளவில் பதிவாகும் வெப்பம் மாலையை விடக் காலையில் பாதிக்கும் குறைவு என்று கண்டார்கள். நாம் பாடசாலை வாசலில் அளப்பது காலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில். நாள் முழுக்கத் தேடினாலும் இதை விட மோசமான நேரம் கிடைக்காது.

அடுத்தது குளிர். அந்தக் கருவி உடம்பின் உள் வெப்பத்தை அளப்பதில்லை. நெற்றித் தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்து, அதோடு ஒரு திருத்தத்தைக் கூட்டி, "உள்ளே இவ்வளவு இருக்கலாம்" என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. தோல் குளிர்ந்திருந்தால் அந்த எண் விழுந்துவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இக்கருவிகளுக்குச் சொல்லும் நிபந்தனைகள் இவை: சுற்றுப்புறம் 16 முதல் 40 பாகை வரை இருக்க வேண்டும், ஈரப்பதன் 85 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், காற்று வீசக் கூடாது, நேர் வெயில் படக் கூடாது, நெற்றி காய்ந்து துப்புரவாக இருக்க வேண்டும், கருவியை அந்த இடத்தில் 10 முதல் 30 நிமிடம் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும்.

இப்போது அப்புத்தளையில் அல்லது பண்டாரவளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையின் வாசலை நினைத்துப் பாருங்கள். டிசம்பர், ஜனவரி விடியலில் 16 பாகைக்குக் கீழே இறங்குவது அங்கே புதினமல்ல. மூடுபனி என்றால் காற்றே ஈரம். பிள்ளை லயத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர் தூறலில் நடந்து வந்திருக்கிறது, நெற்றியில் தண்ணீர். அந்த நெற்றிக்கு நீட்டினால் 34.8, 35.1 என்று வரும். இப்படிப்பட்ட எண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு பிள்ளையின் உடல் வெப்பம் உண்மையிலேயே 34.8 என்றால் அதைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். நாம் "சரி, போ" என்கிறோம். அந்த எண்ணை யாரும் நம்பவில்லை என்பதற்கு இதை விட வேறு அத்தாட்சி தேவையில்லை. சாதாரணப் பிள்ளைக்கு 35 காட்டும் கருவி, 38.2 உள்ள பிள்ளைக்கு என்ன காட்டும்? 36.8 காட்டும், அதுவும் உள்ளே போய்விடும்.

பதுளை நகரம் கொஞ்சம் தாழ்வு, அங்கே எதிர்மாறான பிழையும் வரும். பஸ் நிலையத்திலிருந்து மேட்டில் ஓடி வந்த பையன், வெயிலில் வரிசையில் நின்றவன், இவர்களின் நெற்றி சூடாக இருக்கும். நமது பெண் பிள்ளைகள் பர்தாவைப் பின்னுக்குத் தள்ளி நெற்றியைக் காட்டுகிறார்கள். துணிக்குள் அடைபட்டிருந்த தோலை உடனே அளந்தால் கூடக் காட்டலாம், வியர்வை இருந்தால் குறையக் காட்டலாம். நெற்றி வெளிக்காற்றுக்குப் பழகக் கொஞ்ச நேரம் விட வேண்டும். அலுவலகங்களில் இன்னொரு பழக்கம், நெற்றிக்குப் பதில் மணிக்கட்டுக்கு நீட்டுவது. கருவி கூட்டுகிற திருத்தம் நெற்றிக்காகக் கணிக்கப்பட்டது. மணிக்கட்டில் பிடித்தால் கிடைப்பது பெயருக்கு ஓர் எண்.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போடுவோம். இது ஆய்வல்ல, கரும்பலகைக் கணக்கு. உங்கள் பாடசாலைக்கு ஏற்ப எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

800 பிள்ளைகள் உள்ள ஒரு பாடசாலை. தடிமன் காய்ச்சல் பரவும் ஒரு வாரத்தில் 20 பேருக்குக் கிருமி இருக்கிறது என்று வைப்போம். 7 பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், வரவில்லை. மீதி 13 பேர் வாசலுக்கு வருகிறார்கள். அவர்களில் 5 பேருக்கு இன்னும் அறிகுறி தொடங்கவில்லை அல்லது தொடங்கப் போவதே இல்லை. 4 பேருக்கு மூக்கு ஒழுகுகிறது, இருமல் இருக்கிறது, காய்ச்சல் இல்லை. 2 பேர் வீட்டில் பனடோல் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். 2 பேருக்கு அந்தக் காலை வேளையிலும் காய்ச்சல் இருக்கிறது. கருவி மிகச் சரியாக வேலை செய்தாலும் 13இல் 2. குளிர்ந்த நெற்றியில் ஒருவரைத் தவறவிட்டால் 13இல் 1.

மறுபக்கம், கிருமியில்லாத 780 பேரில் நூற்றுக்கு ஒருவரை மட்டும் கருவி தவறாகக் காய்ச்சல் என்று சொன்னால் 8 பேர். ஆக வாசலில் நிறுத்தப்படும் 10 பேரில் தடிமன் காய்ச்சல்காரர் அதிகம் போனால் இருவர். அதே நேரத்தில் 11 பேர் "செக் பண்ணியாச்சு" என்ற முத்திரையோடு வகுப்புக்குள் போய் அமர்ந்திருக்கிறார்கள்.

நேரத்தையும் கணக்கெடுங்கள். ஒருவருக்கு நான்கு விநாடி என்றாலும் 800 பேருக்கு 3,200 விநாடி, அதாவது 53 நிமிடம். மூன்று கருவி, மூன்று ஆசிரியர் என்றால் 18 நிமிடம். மழையில் அந்த 18 நிமிடமும் பிள்ளைகள் கூரை உள்ள இடமாகப் பார்த்து ஒருவரோடு ஒருவர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். இருமல் பரவ இதை விட வசதியான ஏற்பாடு வேண்டுமா?

இப்போது பனடோல் விஷயம். எங்கள் பார்வையில் முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது. நரிட்டாவில் மருந்து எடுத்துவிட்டு வந்த அந்த 5 பேரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பனடோல் நான்கு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்குக் காய்ச்சலை இறக்கி வைக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. காலை ஆறு மணிக்குக் குடித்தால் ஏழரை மணி வாசலைத் தாராளமாகக் கடக்கலாம், பத்தரை பதினொரு மணிக்குக் காய்ச்சல் மறுபடியும் ஏறும். வகுப்பாசிரியர்கள் எல்லோருக்கும் இது பழக்கமான காட்சி. இடைவேளை முடிந்து மூன்றாவது நாலாவது பாடத்தில் மேசையில் தலை சாய்கிற பிள்ளை காலையில் வாசலில் நன்றாகத்தான் இருந்தது.

இதற்காகப் பெற்றோரைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வராது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு தாயின் நிலையை யோசியுங்கள். காலையில் பிரட்டுக்குப் போனால்தான் அன்றைக்குப் பேர் விழும். பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் நாள் சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்துவதாகவும், வேலைக்கு வருகிற நாளுக்கு மேலும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவு தருவதாகவும் சொன்னது. கூட்டித் தருவது நல்லதுதான், எத்தனை வருடப் போராட்டம் அது. ஆனால் காய்ச்சலோடு வீட்டில் நின்றால் இழக்கிற தொகையும் அதோடு சேர்ந்து கூடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் நின்றாலும் அதே இழப்புத்தான். பிள்ளை மடுவத்தில் காய்ச்சல் பிள்ளையை எடுக்க மாட்டார்கள். வீட்டில் பாட்டி இல்லாவிட்டால் பாடசாலைதான் கதி. பாதி பனடோல் கொடுத்து அனுப்புகிறாள். வாசலில் கருவி வைத்தால் அந்தப் பாதி பனடோல் முழுப் பனடோலாகும், வேறொன்றும் நடக்காது.

நகரத்திலும் இதே கதைதான், உடுப்பு மட்டும் வேறு. கடையில் நாள் சம்பளத்துக்கு நிற்கிற பையன், ஒப்பந்தத்தில் வேலை செய்கிற காவலாளி, லீவு முடிந்துபோன எழுதுவினைஞர். யார் வாசலில் 38 காட்டி வீட்டுக்குப் போக விரும்புவார்? இதில் கொஞ்சம் வேடிக்கை என்னவென்றால், வாசலில் நின்று எல்லோருக்கும் வெப்பம் பார்க்கிற அந்தக் காவலாளிக்குத்தான் பெரும்பாலும் சம்பளத்தோடு நோய் விடுமுறை இல்லை. அவருக்குக் காய்ச்சல் என்றால் அவரும் பனடோல் போட்டுக்கொண்டுதான் வருவார்.

பாடசாலைக்குள் நாமே செய்து வைத்திருக்கிற பனடோல் காரணங்களும் உண்டு. ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவில் வரவுப் பரிசு. உயர்தர மாணவருக்கு 80 வீத வரவு நிபந்தனை. தவணைப் பரீட்சையைத் தவறவிட்டால் மறுபரீட்சை இல்லை. பிள்ளையிடம் ஒரு பக்கம் "காய்ச்சல் என்றால் வராதே" என்கிறோம், மறுபக்கம் வந்ததற்குக் கிண்ணம் கொடுக்கிறோம். பிள்ளை கிண்ணத்தைத்தான் நம்பும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. வாசலில் "நோர்மல்" என்று வந்துவிட்டது, அதனால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நினைப்பது. இதே மழைக்காலம்தான் டெங்குவுக்கும். டெங்குவில் மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். அன்றைக்கு வெப்பமானி நல்ல எண்ணைக் காட்டும், பிள்ளையோ சோர்ந்து, வயிற்று வலி, வாந்தி என்று இருக்கும். மூன்று நாள் காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சலுக்குப் பனடோலைத் தவிர புரூபன் மாதிரியான வலி மருந்துகளை வைத்தியர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வயலில், சேற்றில் வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சலும் இருக்கிறது. எல்லாம் வெப்பமானியில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

அப்படியென்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பதா என்று கேட்பீர்கள். இல்லை. அதே கருவிக்கான பணத்தையும், அதே மூன்று ஆசிரியர்களின் நேரத்தையும் எங்கே போட்டால் கூடுதலாகப் பிடிபடும் என்பதுதான் கேள்வி.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல கருவி இருக்கிறது, அது வரவு இடாப்பு. எட்டு மணிக்குள் ஒவ்வொரு வகுப்பிலும் அடையாளமிட்டு முடிந்துவிடும். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் வழக்கமாக நாலைந்து பேர் வராமல் இருப்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை 11 பேர் இல்லை, அதில் ஆறு பேர் ஒரே தோட்டத்தின் ஒரே பிரிவு என்றால், அது வாசலில் எந்தக் கருவியும் சொல்லாத செய்தி. வாசல் பார்ப்பது வந்தவர்களை. இடாப்பு காட்டுவது படுத்துவிட்டவர்களை, அதாவது உண்மையான நோயாளிகளை. அன்றைக்கே வகுப்பாசிரியர் இரண்டு வீட்டுக்கு அழைத்து "காய்ச்சலா, இருமலா, எப்போதிருந்து" என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதினால் போதும். அதிபர் அந்த எண்ணைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தோட்டத்து வைத்திய உதவியாளருக்கும் சொல்லலாம். 38 பாகையோ அதற்கு மேலோ காய்ச்சல், அதோடு இருமல், தொடங்கிப் பத்து நாளுக்குள் என்பதுதான் இன்புளுவென்சா போன்ற நோய்க்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரைவிலக்கணம். கேட்க வேண்டிய கேள்விகளும் அவ்வளவுதான்.

இரண்டாவது, வெப்பமானியை வாசலிலிருந்து எடுத்து உள்ளே வையுங்கள். பனடோலின் பலன் இறங்குகிற, உடம்பின் வெப்பம் ஏறுகிற பத்தரை பதினொரு மணிக்கு, இருமுகிற, சோர்ந்த, மேசையில் சாய்ந்த பிள்ளைக்கு மட்டும் பாருங்கள். 800 பேருக்கு அல்ல, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு. நெற்றிக்கு நீட்டும் கருவி கூடத் தேவையில்லை. அக்குளில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி குளிருக்கு அவ்வளவாக ஏமாறாது. ஒரு நிமிடம் வரை எடுக்கும், ஸ்பிரிட்டால் துடைத்து வைக்கலாம். அக்குளில் 37.5 வந்தால் வீட்டுக்கு அழைப்பு. தாய் மலையில் நிற்கிறாள், தொலைபேசி எடுக்கவில்லை என்றால் அவள் வரும்வரை பிள்ளை படுத்திருக்க, ஜன்னல் திறந்த ஓர் அறையும் ஒரு பாயும் வேண்டும். கருவி வாங்கித் தர முன்வந்த பழைய பிள்ளைகளிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான், அந்த அறையைச் செய்து தாருங்கள்.

திரும்பி வருவதற்கு ஒரே ஒரு விதி போதும்: பனடோல் இல்லாமல் 24 மணித்தியாலம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். "பனடோல் இல்லாமல்" என்ற சொல்லைப் பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட வேண்டும். இருமல் மிச்சமிருந்தால் முகக்கவசத்தோடு வரட்டும், ஜன்னல் பக்கமாக அமரட்டும். வீட்டில் கர்ப்பிணித் தாயோ, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையோ, முட்டு வருத்தம், சலரோகம் உள்ள வயதானவரோ இருந்து அவர்களுக்குக் காய்ச்சல் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம், நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இன்புளுவென்சாவுக்கென்று உள்ள மருந்து, தொடங்கிய முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் கூடிய பலன் தரும்.

"வாசலில் பார்ப்பதால் ஒரு பயமாவது இருக்குமே, காய்ச்சல் பிள்ளையை அனுப்பத் தயங்குவார்களே" என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 39 பாகையில் கொதிக்கிற பிள்ளையை அது நிறுத்தும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையை வகுப்பாசிரியர் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வார். பயத்தைப் பொறுத்தவரை, நாள் சம்பளக்காரருக்கு வெப்பமானியை விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அது போகாதவரை வாசல் பயம் ஒரு பனடோல் அட்டையில் தீர்ந்துவிடும். தோட்ட நிர்வாகங்களோடும் தொழிற்சங்கங்களோடும் பேசுகிறவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். தடிமன் காய்ச்சல் வாரங்களில், வைத்திய உதவியாளரின் துண்டோடு காய்ச்சல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நிற்கிற தாய்க்கு இரண்டு நாள் பேர் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிரிவில் ஒரு பருவம் செய்து பார்த்தாலே, பாடசாலை இடாப்பில் வித்தியாசம் தெரிகிறதா இல்லையா என்று எங்களால் எண்ணிச் சொல்ல முடியும்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசல் கருவி பற்றிய பேச்சு வரும். வருகிற பெற்றோர் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: போன தவணையில் எந்த வகுப்பில், எந்த வாரத்தில், எத்தனை பேர் காய்ச்சலால் வரவில்லை? அந்த எண்ணை யாருக்கு அறிவித்தோம்? இந்த வருடப் பரிசளிப்பில் வரவுப் பரிசு இருக்கிறதா?